நெருக்கடி ஆய்வு முடிவின் தொலைபேசிப் பதிவு

உயிருக்கு உடனடி ஆபத்தைக் காட்டும் ஆய்வக முடிவை, அச்சிட்ட அறிக்கைக்குக் காத்திராமல் தொலைபேசியில் சொல்லி, சொன்னதை எழுதி வைக்கும் முறை. இத்தகைய முடிவுகளுக்கு 'பேனிக் வேல்யூ' என்ற பெயரை 1972இல் முன்வைத்தவர் அமெரிக்க நோயியல் மருத்துவர் ஜார்ஜ் லண்ட்பெர்க்.

ஓர் எடுத்துக்காட்டு. இரவு 2:10க்கு ஒரு நோயாளியின் பொட்டாசியம் லிட்டருக்கு 6.8 மில்லிமோல் என்று வருகிறது. சிவப்பணுக்கள் உடைந்த மாதிரியிலும் பொட்டாசியம் பொய்யாக உயரும் என்பதால், தொழில்நுட்பர் முதலில் சீரத்தின் நிறத்தைப் பார்க்கிறார். அது தெளிவாக இருக்கிறது. 2:14க்கு வார்டை அழைக்கிறார், யாரும் எடுக்கவில்லை. அந்த முயற்சியும் பதிவேட்டில் ஏறுகிறது. 2:17க்குப் பணியிலிருந்த செவிலியர் எடுத்து, நோயாளியின் பெயர், எண், முடிவு ஆகியவற்றை எழுதிக்கொண்டு திருப்பி வாசிக்கிறார். சொன்னவர், கேட்டவர், நேரம், திருப்பி வாசித்தது எல்லாம் பதிவாகின்றன.

'வார்டுக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதுவது வழக்கமான பிழை. வார்டு என்பது ஆள் அல்ல. பின்னர் விசாரித்தால் யாரும் கேட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆய்வகப் பதிவு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். மருத்துவருக்கு 2:20க்குச் சொன்னது, இசிஜி எடுத்தது, கால்சியம் குளுக்கோனேட் செலுத்தியது, மறுபரிசோதனைக்கு இரத்தம் அனுப்பியது ஆகியவை நோயாளியின் கேஸ் ஷீட்டில் இருக்கும். தணிக்கையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து நேரங்களை ஒப்பிட்டால்தான் தாமதம் எங்கே நேர்ந்தது என்பது தெரியும்.