கபோச்சா பூசணி: பறிப்புப் பருவத்தைப் படத்தில் அறிதல்

கபோச்சா என்பது ஜப்பானியர் விரும்பி உண்ணும் பூசணி. குக்குர்பிட்டா மாக்சிமா இனத்தைச் சேர்ந்தது. ஹொக்கைடோ தீவில் பெருமளவில் விளைகிறது. அங்கே அறுவடை இல்லாத மாதங்களில் நியூசிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது. பெரும்பாலான ரகங்களில் பிஞ்சும் கரும்பச்சை, முற்றிய காயும் கரும்பச்சை. அதனால் செடியில் கிடக்கும் காயை மேலோட்டமாகப் பார்த்துப் பருவம் சொல்ல முடியாது. காம்பு, தோல், மண்ணில் பட்ட அடிப்பகுதி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தைக் கொண்டு முடிவு செய்பவருக்கும் இதே வழிதான். ஆனால் படம் ஏமாற்றும் இடங்களை அவர் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றில் நம்பகமானது காம்பு. இந்த இனத்தின் காம்பு உருண்டையாகவும் சதைப்பற்றோடும் இருக்கும். காய் முற்றும்போது அதன் பச்சைத் தோலில் நெடுக்காக வெளிறிய கீறல்கள் தோன்றும். பிறகு அவை தடித்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பழுப்பு வெள்ளை நிறத் தக்கையாகிக் காம்பைச் சுற்றி மூடும். ஒரு பக்கம் தக்கை படிந்து, மறுபக்கம் பச்சையாக இருப்பது இயல்பு. எனவே ஒரே கோணத்தில் எடுத்த படத்தை நம்பக் கூடாது. காம்பைச் சுற்றி இரண்டு மூன்று படங்களாவது வேண்டும். சாம்பல் நோயால் கொடி முன்பே பட்டுப்போனாலும் காம்பு பழுப்பாகும். ஆனால் அது சுருங்கி மெலிந்திருக்கும். முற்றிய காம்போ பருத்து வெடித்திருக்கும். படத்தில் பார்க்க வேண்டியது நிறத்தைவிட இந்தப் பருமனைத்தான்.

மண்ணில் பட்ட இடத்தில் வெயில் விழாததால் பச்சையம் அதிகம் உருவாவதில்லை. மற்ற பகுதிகளில் பச்சை மறைத்துவிடும் மஞ்சள் நிறமிகள் இங்கே வெளிப்படையாகத் தெரியும். பிஞ்சில் வெளிர்மஞ்சளாக இருக்கும் இந்த இடம், முற்ற முற்ற ஆரஞ்சாக மாறுகிறது. கேமராவுக்கு மிகவும் கடினமான அடையாளமும் இதுதான். மாலை வெயில் எந்த மஞ்சளையும் ஆரஞ்சாக்கிவிடும். ஆரஞ்சு நிறம் சட்டம் முழுவதையும் நிறைத்தால், கைபேசி தானாகவே நிறத்தைச் சரிசெய்ய முயன்று வெளிறச் செய்துவிடும். நிழலில், காயின் அருகே ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படமெடுத்தால், தாள் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்து மற்ற நிறங்களை நம்பலாம். ஜப்பானில் காய் சீராக நிறம் பெறுவதற்காக அதைத் திருப்பி வைப்பதும், அடியில் தட்டு வைப்பதும் வழக்கம். அப்படிச் செய்த காயில் இந்த அடையாளம் பயன்படாது. இலை உதிர்ந்த கொடியில் வெயில் சுட்ட தழும்பும் மஞ்சளாகவே இருக்கும். ஆனால் அது மேல்பக்கத்தில் வரும்.

தோலின் கடினத்தைப் படம் நேரடியாகக் காட்டாது. நகத்தால் அழுத்திய பிறகு அந்த இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். ஈரம் மினுங்கும் பிறை வடிவப் பள்ளம் தெரிந்தால் தோல் இன்னும் இளசு. நகம் வழுக்கி, மங்கலான கோடு மட்டும் விழுந்தால் கடினமாகிவிட்டது. ஃபிளாஷ் போட்டால் முற்றிய தோலும் பிஞ்சைப் போல் பளபளக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பூ கருவுற்று சுமார் 40 நாளான காயின் படங்களில், காம்பின் இரு பக்கம் தக்கை, ஒரு பக்கம் பச்சை. அடிப்பகுதி எலுமிச்சை மஞ்சள். நகம் பதியவில்லை. தோலை மட்டும் பார்ப்பவர் பறித்துவிடுவார், அது அவசரம். தோல் கடினமாகி, சதையில் மாவுச்சத்து நிறைந்த பின்னும் விதைகள் சில நாள் பருத்துக்கொண்டிருக்கும். அதற்குள் பறித்தால் விதை சதையிலிருந்து சத்தை இழுத்துக்கொள்ளும். இலைகள் நலமாக இருந்தால் இந்தக் காயை இன்னும் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை விட்டுவைக்கலாம். இலைகள் பட்டுப்போயிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. வெயில் சுடுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

பறித்த காய் உடனே இனிக்காது. காற்றோட்டமான நிழலில் வைத்திருக்கும்போது மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. ஆகவே வேகவைத்து இனிப்பில்லை என்று கண்டு, பருவம் தவறிப் பறித்ததாக முடிவு செய்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டுப் பரங்கிக்காய் பெரும்பாலும் குக்குர்பிட்டா மொஸ்காட்டா என்ற வேறு இனம். அதன் காம்பு ஐந்து விளிம்புகளோடு கட்டையாக இருக்கும். காயோடு சேரும் இடத்தில் விரிந்திருக்கும். அதில் கபோச்சாவைப் போலத் தக்கை படியாது. அங்கே தக்கைக்காகக் காத்திருப்பது வீண். காம்பு காய்வதையும், தோலின் பச்சை மங்கிப் பழுப்பு மஞ்சளாவதையும், நகம் பதியாமையையும் கொண்டே பருவத்தை அறிய வேண்டும்.