வழி தவறினும் சராசரி தவறாத கணக்கு

1961-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லோரென்ஸ் என்னும் வானிலை அறிஞர், பன்னிரண்டு சமன்பாடுகளால் அமைந்த ஒரு கற்பனை வானிலையைக் கணிப்பொறியில் இயக்கி வந்தார். பொறியின் பெயர் எல்.ஜி.பி.-30, ஒரு மேசையளவு பெரியது, வெற்றிடக் குழாய்களால் இயங்குவது. ஒரு நாள், முன்னர் நடந்த கணக்கின் ஒரு பகுதியை மீண்டும் காண விரும்பி, பழைய தாளில் அச்சாகியிருந்த எண்களையே தொடக்கமாகக் கொடுத்துவிட்டுக் காப்பி அருந்தச் சென்றார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, பொறி இரண்டு மாத வானிலையைக் கணித்திருந்தது. அது பழைய வானிலையாக இல்லை!

குழாய் ஏதேனும் பழுதுற்றிருக்கும் என்றே முதலில் அவர் ஐயுற்றார். தாள்களை ஒப்பிட்டபின் உண்மை புலப்பட்டது. பொறி தன்னுள் ஆறு தசம இடங்களை வைத்திருந்தது. தாளிலோ மூன்று இடங்களே அச்சாயின. 0.506127 என்பது 0.506 ஆகிவிட்டது. அந்தச் சிறு வேற்றுமை ஏறக்குறைய நான்கு நாட்களுக்கு ஒரு முறை இருமடங்காயிற்று. நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்: 0.000127 பதின்மூன்று முறை இருமடங்கானால் ஒன்றைத் தாண்டும். அதற்கு 52 நாட்கள். இரண்டாம் மாதத்தில் ஒற்றுமை மறைந்ததில் வியப்பில்லை.

லோரென்ஸ் 1963-இல் வெளியிட்ட கட்டுரையில், கீழிருந்து வெப்பமூட்டப்படும் திரவத்தின் சுழற்சியைக் குறிக்க மூன்றே சமன்பாடுகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் வரும் x, y, z என்ற மூன்று அளவுகளை வெளியில் ஒரு புள்ளியாகக் குறித்தால், அப்புள்ளி இரு இறகுகள் போன்ற உருவில் ஓயாமல் சுற்றும். எப்பொழுது ஓர் இறகினின்று மற்றதற்குத் தாவும் என்பதில் ஒழுங்கே இல்லை.

கணிப்பொறி இப்பாதையைச் சிறு சிறு அடிகளாக நடந்து செல்கிறது. ஒவ்வோர் அடியிலும் சிறு பிழை நேர்வது இயல்பு. சாதாரணக் கணக்குகளில் அடியைக் குறுக்கினால் மொத்தப் பிழையும் குறைந்து, பாதை முழுவதும் சீர்படும். இங்கோ பழைய பிழை ஒவ்வொன்றும் தானே வளர்கிறது. லோரென்ஸ் எடுத்த எண்களுக்கு, ஏறத்தாழ இரண்டரைக் கால அலகுக்கு ஒரு முறை அது பத்து மடங்காகிறது. ஆகவே கூடுதலாக ஒரு தசம இடம் சேர்த்தால் நமக்குக் கிடைப்பது இரண்டரை அலகுக் காலம்தான். பதினாறு இலக்கங்கள் உள்ள இன்றைய வழக்கமான கணக்கு நாற்பது அலகைக் கடந்ததும் பயனற்றதாகிறது. ஆயிரம் அலகுக்கு நானூறு இலக்கங்கள் வேண்டும். பொருட்செலவைப் பாராது அதனையும் செய்யலாம். ஆயினும் தொடக்க அளவையே நானூறு இலக்கங்களுக்கு அளந்து தரக்கூடிய கருவி எங்கே உள்ளது?

எனினும் ஒரு விந்தை. சற்றே வேறுபட்ட இரு தொடக்கங்களிலிருந்து கணக்கை ஆயிரக்கணக்கான அலகுகளுக்கு ஓட்டிப் பாருங்கள். இரு பாதைகளும் விரைவில் பிரிந்துவிடும். ஆயினும் z-இன் சராசரி இரண்டிலும் 23.55-ஐயே நெருங்கும். காரணம் இதுதான்: பிழை பாதையை அந்த இறகுருவின் *நெடுகத்தான்* இழுத்துச் செல்கிறது. உருவைவிட்டு விலக்கும் பிழையோ விரைந்து தேய்ந்து மறைகிறது. பொறி பிழையான நேரத்தில் பிழையான இடத்தில் நிற்கிறது. ஆனால் உருவின் ஒவ்வொரு பகுதியிலும் செலவிடவேண்டிய நேரத்தை உரிய விகிதத்திலேயே செலவிடுகிறது. இந்த உருவும் இந்த விகிதமும் பொறியின் மாயத்தோற்றமல்ல என்பதை, பிழையின் எல்லைகளையும் உடன் கணக்கிட்டுச் செல்லும் முறையால் 1999-இல் வார்விக் டக்கர் நிறுவினார். லோரென்ஸ் கட்டுரைக்கும் இதற்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள்!

சராசரியையும் கண்மூடி நம்புதல் கூடாது. அடி மிகப் பெரிதானால் பொறி வேறொரு சமன்பாட்டையே தீர்க்கத் தொடங்கிவிடும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. x-இன் வர்க்கத்தின் சராசரி, z-இன் சராசரியைப்போல் 8/3 மடங்கு, அதாவது சுமார் 62.8, இருக்கவேண்டும் என்பது சமன்பாடுகளிலிருந்தே பெறப்படுவது. இது பொருந்தாவிடில் அடியைக் குறுக்கவேண்டும்.

மற்றோர் இடர் இதனினும் நுட்பமானது. வெப்பத்தின் அளவைக் குறிக்கும் 28 என்னும் எண்ணுக்குப் பதில் 22 என்று வைத்தால், பாதை நெடுநேரம் இறகுருவில் அலைந்து, பின் ஒரு நாள் சட்டென்று ஓரிடத்தில் அடங்கிவிடும். அலைந்த காலத்தின் சராசரியை நிலையான சராசரியென்று அறிவித்தவர் ஏமாந்தவராவார். ஓட்டத்தை இரு பாதிகளாகப் பிரித்து ஒப்பிட்டும், பல தொடக்கங்களிலிருந்து ஓட்டியும் பார்ப்பதே இதற்குரிய காப்பு. அப்பொழுதும் அடங்கும் கணம் நாம் ஓட்டிய காலத்திற்கு அப்பால் காத்திருக்கக்கூடும்.