பயனிலை தேடும் தலைப்புகள்: குந்தாரப்பள்ளி வட்டாரத் தரக்கூட்ட ஸ்லைடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் குந்தாரப்பள்ளி. இந்த வட்டாரத்தில் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு ஆலைகள், பொருள் வாங்கும் பெரிய ஆலைகளுக்கு மாதந்தோறும் தரக்கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுவோர் கூடியிருக்கும் அறையில் 'ரிஜெக்‌ஷன் ஸ்டேட்டஸ்', 'டெலிவரி அப்டேட்' என்ற தலைப்புகளோடு ஸ்லைடுகள் நகர்கின்றன.

இவற்றில் எழுவாய் மட்டுமே இருக்கிறது. நிராகரிப்பு என்ன ஆனது என்ற கேள்விக்குத் தலைப்பு பதில் சொல்வதில்லை. பார்ப்பவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய பயனிலையைச் சேர்த்துக்கொள்கிறார். தலைப்பைத் திருத்துவது என்பது அந்தப் பயனிலையை எழுதிக் கொடுப்பது. ஆனால் அதை ஸ்லைடுக்குள்ளிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

2. ஒரு ஸ்லைடு

விளக்கத்துக்காக ஒரு ஸ்லைடை அமைத்துக்கொள்வோம். தலைப்பு 'நிராகரிப்பு நிலவரம்'. இடப்பக்கம் ஆறு மாதக் கோட்டுப்படம்: ஜனவரி முதல் மார்ச் வரை 1.2 சதவீதத்தை ஒட்டி ஓடும் கோடு, ஏப்ரலில் 2.1-க்கு ஏறி ஜூனில் 2.3-இல் நிற்கிறது. வலப்பக்கம் ஜூன் மாதக் காரணப்பட்டை: கழிந்த 230 உருப்படிகளில் 138 வார்ப்பில் விழுந்த காற்றுத்துளையால், 46 துளை விட்டம் கூடியதால், 46 மற்றவை.

முதலில் தலைப்பைத் தாளால் மூடிவிட்டு, படங்களை மட்டும் பார்த்து ஒருவருக்கு வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். 'ஏப்ரலிலிருந்து கழிவு கிட்டத்தட்ட இருமடங்கு. ஜூனில் பத்துக்கு ஆறு காற்றுத்துளையால்' என்று வரும். இதுவே புதிய தலைப்பு. இதில் வினைமுற்று இல்லை என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். 'இருமடங்கு' என்பதே பெயர்ப்பயனிலை, வாக்கியம் முடிந்துவிட்டது.

பிறகு எதிர்த்திசையில் சோதனை. தலைப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்லைடில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா? 'ஏப்ரல்' கோட்டில் இருக்கிறது. 'இருமடங்கு' 1.2-ஐயும் 2.3-ஐயும் ஒப்பிட்டால் கிடைக்கிறது. சரியாக இருமடங்கு இல்லை, அதனால்தான் 'கிட்டத்தட்ட'. 'பத்துக்கு ஆறு' என்பது 230-இல் 138.

இங்கேதான் கை தவறுகிறது. திருத்துபவருக்கு ஏப்ரலில் வார்ப்பாலை மாறியது தெரிந்திருக்கும். உடனே 'புதிய வார்ப்பாலையால் கழிவு இருமடங்கு' என்று எழுதத் தோன்றும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வார்ப்பாலை என்ற சொல்லுக்கு ஸ்லைடில் தொட இடமில்லை. காற்றுத்துளை ஏப்ரலில்தான் கூடியதா என்பதும் தெரியாது, ஏனெனில் காரணப்பட்டை ஜூனுக்கு மட்டுமே. அதனால்தான் தலைப்பில் 'ஜூனில்' என்ற சொல் அவசியமாகிறது. அதை நீக்கினால் ஒரு மாதக் கணக்கு மூன்று மாதத்துக்குப் பரவிவிடும்.

3. பயனிலை பிழையானால்

2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் ஏறும்போது வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடச்சிறகில் மோதியது. விண்ணோடம் சுற்றிக்கொண்டிருந்தபோதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை மதிப்பிட்டு நாசாவுக்கு ஸ்லைடுகள் காட்டினர். அவற்றுள் ஒன்றின் தலைப்பு, வெப்பக்காப்பு ஓடு துளைபடுவது பற்றிய சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்வதாகப் பொருள் தந்தது. அதே ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், மோதிய துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் இருந்தது 3 கன அங்குலம் என்றிருந்தது. அறுநூறு மடங்குக்கும் மேலான வேறுபாடு.

பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் இறந்தனர். தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடை வரிவரியாக அலசினார். விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையும் அதை எடுத்துக்கொண்டது. இதில் தலைப்பு வெறும் 'நிலவரம்' அல்ல, பயனிலையோடு கூடிய முழு வாக்கியம். அடியில் கிடந்த எண்ணோடு அது ஒத்துப்போகவில்லை. பயனிலை உள்ள தலைப்பை மக்கள் நம்புகிறார்கள். நம்பிவிட்டு அடிவரிக்குப் போவதில்லை. ஆகவே இரண்டாம் பிரிவின் விரல் சோதனையைக் கீழிருந்து மேலும் செய்ய வேண்டும்: ஸ்லைடில் இருக்கும் எந்த எண்ணாவது தலைப்பை மறுக்கிறதா?

4. எல்லைகள்

மாற்றமே இல்லாத படத்துக்கும் செய்தி உண்டு. 'ஆறு மாதமும் விநியோகம் 97 சதவீதத்திலேயே நிற்கிறது' என்று எழுதலாம். இலக்குக் கோடு படத்தில் இருந்தால் மட்டுமே 'இலக்கை எட்டவில்லை' என்று சேர்க்கலாம்.

நீளம் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். மூன்றாம் வரி வந்தால் சொற்களைக் குறைக்க வேண்டுமே தவிர, படத்தைக் கீழே தள்ளக்கூடாது. தலைப்பைத் திருத்துபவர் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை என்பதே ஒப்பந்தம். புதிய வாக்கியத்தைத் தலைப்புக்கான பெட்டியிலேயே எழுத வேண்டும். தனிப்பெட்டியில் எழுதினால் பவர்பாயின்டின் Outline View-வில் அது தலைப்பாக வராது. தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்துப் பார்க்கும் வசதி போய்விடும்.

சில ஸ்லைடுகள் எந்த வாக்கியத்துக்கும் இடம் தருவதில்லை. விநியோகமும் பயிற்சி நாட்களும் ஒரே பக்கத்தில் இருந்தால், 'உம்' போட்டு இணைத்த தலைப்பு இரண்டையும் மங்கச் செய்யும். அப்போது பழைய தலைப்பை அப்படியே விட்டுவிட்டு, 'இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன, பிரிக்கலாமா?' என்று ஸ்லைடைத் தயாரித்தவரிடம் கேட்டுக் குறிப்பு எழுதி அனுப்புவதே சரி.