கருமணலும் வரிசை எண்ணும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் ஒரே நிறத்தில் கிடப்பதில்லை. வெள்ளையாக ஒரு பட்டை, அதற்குள் கறுப்பாகவும் செம்மையாகவும் வரிகள். மலையிலிருந்து ஆறு அரித்துக் கொண்டுவந்து சேர்த்ததை அலை சலித்துப் பிரித்திருக்கிறது. லேசான மணலை இழுத்துக்கொண்டு போய்விட்டு இல்மனைட்டு, கார்னெட்டு, சிர்கான், மோனசைட்டு ஆகிய கனமானவற்றைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. நம் வீட்டில் முறத்தில் அரிசி புடைப்பது மாதிரிதான்.

1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கே மோனசைட்டைக் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்பு கொடுத்தது என்பார்கள். மோனசைட்டில் தோரியம் உண்டு. அன்றைக்கு உலகம் முழுக்க எரிந்த காஸ் விளக்குகளின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். அதனால் நம்ம ஊர் மண்ணுக்கு மவுசு வந்தது. தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள் என்ற கவலை ஊர்க்காரர்களிடம் வந்தது பிற்பாடுதான்.

இந்தக் கவலையை எண்ணாக்கப் போனால் உடனே ஒரு சிக்கல் எழும். அலை மோனசைட்டைச் சீராகப் பரப்பி வைப்பதில்லை, திட்டுத்திட்டாகத்தான் சேர்க்கிறது. ஒரு வீட்டுமுற்றத்தில் அளவு சாதாரணமாக இருக்கும், நாலு வீடு தள்ளி அதைப்போலப் பத்து மடங்கு இருக்கும். கணக்குக்காக நான் புனைந்துகொண்ட ஓர் உதாரணத்தைப் பாருங்கள். இவை யாரும் அளந்து எடுத்தவை அல்ல. கடற்கரை ஊர் ஒன்றில் ஐந்து வீடுகள், ஆண்டுக்கு மில்லிகிரே கணக்கில் 0.9, 1.4, 2.1, 3.0, 28. தோவாளைப் பக்கம் உள்ளடங்கிய ஊர் ஒன்றில் ஐந்து வீடுகள், 0.4, 0.5, 0.6, 0.8, 1.1. கடற்கரை ஊரில் அளவு கூடுதலா?

"இதுல கேக்க என்னவே இருக்கு, கண்ணுக்கே தெரியுதே" என்பீர்கள். ஆனால் கல்லூரியில் சொல்லித்தரும் டி-சோதனையைப் போட்டால் விடை வேறு மாதிரி வரும். கடற்கரைச் சராசரி 7.08, மற்றதன் சராசரி 0.68. பத்து மடங்கு வித்தியாசம். அப்படியும் டி மதிப்பு சுமார் 1.2-தான் வருகிறது. வித்தியாசமே இல்லாத இரண்டு ஊர்களிலும் தற்செயலாக நாலில் ஒரு தடவை இந்த அளவு வரலாம் என்று அது கைவிரித்துவிடும். காரணம் அந்த 28. சராசரியை ஏற்றிவிட்டதும் அதுதான், சிதறலை அதைவிட வேகமாக ஊதிப் பெருக்கியதும் அதுதான். டி-சோதனை வித்தியாசத்தைச் சிதறலால் வகுத்துப் பார்க்கிறது. ஆக, வித்தியாசத்துக்குச் சாட்சி சொல்ல வந்த வீடே வழக்கைக் கெடுத்துவிடுகிறது.

1908-ல் காசெட் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் இந்தச் சோதனையை எழுதியபோது எண்கள் மணி வடிவ இயல்நிலைப் பரவலில் இருக்கும் என்று வைத்துக்கொண்டார். ஏராளமான அளவுகள் இருந்தால் அது பிசகினாலும் பெரிய பாதகமில்லை. ஐந்தே ஐந்து இருந்தால், அதிலும் ஒன்று எங்கோ தூரத்தில் கிடந்தால், பாதகம்தான். ஐந்து எண்களை வைத்துக்கொண்டு பரவல் மணி வடிவமா என்று பரிசோதிக்கவும் வழியில்லை.

இதற்கு ஒரு வழியைச் சொன்னவர் கணிதப் பேராசிரியர் இல்லை, பூச்சிமருந்து வேதியியலாளர். பிராங்க் வில்காக்சன், 1892-ல் அயர்லாந்தில் பிறந்த அமெரிக்கர், அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் வேலை. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் டி-சோதனையைக் கையால் போட்டுக்கொண்டிருப்பது பெரும் பாடு. 1945-ல் அவர் வெளியிட்ட கட்டுரை வெறும் நாலு பக்கம். இரண்டு ஈக்கொல்லித் தெளிப்புகள், ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சோதனை, எத்தனை சதவீதம் ஈ செத்தது என்ற கணக்கு. முதலாவதில் 68, 68, 59, 72, 64, 67, 70, 74. இரண்டாவதில் 60, 67, 61, 62, 67, 63, 56, 58.

அவர் செய்தது இவ்வளவுதான். பதினாறு எண்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். ஆகச் சிறிய 56-க்கு 1, பெரிய 74-க்கு 16. மூன்று 67-கள் 9, 10, 11 ஆகிய இடங்களைப் பிடிக்கின்றன, ஆளுக்குச் சராசரியாக 10 கொடுத்துவிட்டார். பிறகு மூல எண்களை மறந்துவிட்டு வரிசை எண்களை மட்டும் கூட்டினார். முதல் தெளிப்புக்கு 91, இரண்டாவதற்கு 45. இரண்டும் ஒரே தரமென்றால் தலைக்கு 68 வரவேண்டும். 45 அளவுக்குத் தற்செயலாக ஒருபக்கம் சரிவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில். முதல் தெளிப்பே மேல்.

இதையே நம்ம ஊர்க் கணக்குக்குப் போடலாம். உள்ளடங்கிய ஊர் வீடுகளுக்கு 1, 2, 3, 4, 6, கூட்டினால் 16. கடற்கரைக்கு 5, 7, 8, 9, 10, கூட்டினால் 39. இனி அட்டவணைகூட வேண்டாம். ஊருக்கு ஊர் வித்தியாசமே இல்லையென்றால் பத்து இடங்களில் எந்த ஐந்தும் ஒரே ஊருக்குப் போயிருக்கலாம், மொத்தம் 252 விதம். கூட்டுத்தொகை 16 அல்லது அதற்குக் கீழே வருவது இரண்டே விதத்தில்: 1, 2, 3, 4, 5 ஒன்று, நம்முடையது மற்றது. எதிர்ப்பக்கமும் அப்படியே இரண்டு. ஆக 252-ல் 4, நூற்றுக்கு ஒன்றரை சொச்சம். டி-சோதனை தடுமாறிய இடத்தில் இது தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அந்த 28-ஐ அடித்துவிட்டு 3.2 என்று எழுதினாலும் விடை மாறாது, அதன் வரிசை எண் 10-தான்.

இரண்டு வருஷம் கழித்து, 1947-ல், ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹென்றி மானும் அவருடைய மாணவர் விட்னியும் இதற்குக் கணித அடிப்படை போட்டார்கள், எட்டுக்கு எட்டு வரை அட்டவணையும் தந்தார்கள். அதனால்தான் பாடப்புத்தகங்களில் மான்-விட்னி சோதனை என்று ஒன்று தனியாக நிற்கிறது, இரண்டும் ஒன்றுதான். ஜெர்மன் உளவியலாளர் குஸ்தாவ் டாய்க்லர் 1914-லேயே இதே யோசனைக்கு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று, நாலு ஊர்களை ஒரே வீச்சில் ஒப்பிட 1952-ல் குருஸ்கல், வாலிஸ் இருவரும் வழி செய்தார்கள்.

வில்காக்சன் இதைக் கைக்கணக்குக்கான குறுக்குவழி என்றுதான் நினைத்தார். பிறகு தன் நிறுவனத்துக்காக எழுதிய கையேட்டின் தலைப்பிலேயே 'விரைவான, தோராயமான' என்று போட்டுக்கொண்டார். எண்ணை வீசிவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டால் தகவல் எக்கச்சக்கமாகப் போய்விடும் என்றே அன்றைக்கு எல்லோரும் எண்ணினார்கள். பெரிய மாதிரிகளில் கணக்கிட்டுப் பார்த்தபோது, பரவல் மணி வடிவத்திலேயே இருந்தாலும், டி-சோதனையின் திறனில் 95 சதவீதத்துக்கு மேல் இதற்கு உண்டு என்று தெரிந்தது. 1956-ல் ஹாட்ஜஸ், லேமன் இன்னொன்றையும் நிரூபித்தார்கள். இரண்டு பரவல்களும் ஒரே வடிவத்தில் இருந்து இடம் மட்டும் தள்ளியிருந்தால், வடிவம் எதுவானாலும் அந்தத் திறன் 86.4 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. வால் நீண்ட பரவல்களில் டி-சோதனையைவிடப் பல மடங்கு மேலேயும் போகும். மோனசைட்டு மண் அந்த ஜாதிதான்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஊருக்கு மூன்று வீடு அளந்துவிட்டு இந்தச் சோதனைக்கு வந்தால் பிரயோஜனமில்லை. ஆறு இடங்களில் மூன்றை எடுக்க 20 விதம்தான். மூன்று வீடும் மேலே, மற்ற மூன்றும் கீழே என்று முழுக்கப் பிரிந்து நின்றாலும் 20-ல் 2, அதாவது 10 சதவீதம். வழக்கமான 5 சதவீத வரம்பை எட்டவே முடியாது. நாலுக்கு நாலு என்றால் 70-ல் 2, அப்போதுதான் வாசல் திறக்கிறது. ஒரே வீட்டில் அடுக்களை, திண்ணை, கிணற்றடி என்று ஐந்து இடத்தில் அளந்து ஐந்து மாதிரி என்று எழுதுவது இன்னொரு கோளாறு. அது ஒரு மாதிரிதான், 252 என்ற கணக்கே அங்கே செல்லாது. அறிக்கையில் மாதிரி எண்ணிக்கை பெரிதாக இருந்து வீடுகளின் எண்ணிக்கையைக் காணோமென்றால் அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

முக்கியமான எல்லை அந்த 28-லேயே இருக்கிறது. வரிசைச் சோதனைக்கு அது 10, அவ்வளவே. ஊருக்கும் ஊருக்கும் வித்தியாசம் உண்டா என்ற கேள்விக்கு அது போதும். அந்த வீட்டில் படுத்துறங்கும் பிள்ளைக்கு வருஷத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்ற கேள்விக்குப் போதாது, அதற்கு 28 என்ற எண்ணே வேண்டும். மொத்தக் கதிரளவைக் கணக்கிட வந்த ஒருவர் 'சராசரி நம்பகமில்லை, வரிசையால் பார்த்துவிட்டோம்' என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் பதில் சொன்னது வேறொரு கேள்விக்கு.