ஒரு வெண்பட்டு வேட்டி போகும் வழி

காதுகுத்துக்குத் தாய்மாமன் கட்டப்போகும் வேட்டியின் கதை, சேலத்தில் சோப்புத் தண்ணீர் கொதிக்கும் அண்டாவில் தொடங்குகிறது. கச்சாப் பட்டு நூலைப் பிசின் மூடியிருக்கும், தொட்டால் விறைப்பு. வேகவைத்தால் பிசின் கரையும், அதோடு நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கும் போய்விடும். மிஞ்சுகிற பால்நிற நூலைத் தறியேற்றி, ஜரிகைக் கரை வைத்து நெய்தால் சேலம் வெண்பட்டு. புவிசார் குறியீடு பெற்ற சரக்கு.

கடையில் அதன் பக்கத்திலேயே ‘ஆர்ட் சில்க்’ உட்கார்ந்திருக்கும், அதைவிடப் பளபளப்பாக. சந்தேகம் வந்தால் நுனியில் தொங்கும் ஓர் இழையைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

வேட்டியைத் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் சட்டையில்தான் கோட்டைவிடுகிறார்கள். வெண்பட்டின் வெள்ளையில் லேசான சந்தனச் சாயல் உண்டு. அதன்மேல் நீலம் பாய்ந்த பளீர் வெள்ளைச் சட்டையைப் போட்டால், புது வேட்டிகூடப் பழுப்பேறிய பழசாகத் தெரியும். கடை விளக்கில் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்; இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டு அல்லது பட்டு கலந்த பருத்தியில் சந்தன நிறச் சட்டை பொருந்தும். சட்டையை உள்ளே விடுவதில்லை. இடுப்புச் சுருட்டல் மறையும் அளவுக்கு நீளமும், நேராக வெட்டிய அடிவிளிம்பும் இருந்தால் போதும்.

அளவு எட்டு முழம். நீளவாக்கில் இரண்டாக மடிந்து நிற்பதால் கால் நிழல் தெரியாது. நாலு முழம் வீட்டுக்குச் சரி, சபைக்கு மெலிசு. மடித்த வேட்டியை முதுகுப்பக்கம் பிடித்து, வலது நுனியை இடப்பக்கம் கொண்டுபோய்ச் செருகி, இடது நுனியை அதன்மேல் வலப்பக்கம் இழுத்துச் செருகுவது நம் வீடுகளில் பரவலான கட்டு. கீழ்க்கரை கணுக்காலைத் தொட்டு, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்கட்டும். பிறகுதான் இடுப்பில் இரண்டு மூன்று சுற்று சுருட்டி, மேலே பெல்ட். சுருட்டிய பிறகு மட்டம் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

விசேஷம் முடிந்ததும் வேட்டி தண்ணீரில் நனையக்கூடாது, டிரை கிளீனிங்தான். பெட்டியில் பருத்தித் துணி சுற்றி வைத்து, சில மாதங்களுக்கொருமுறை மடிப்பை இடம் மாற்ற வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேயே முறியும்.

ஆனால் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் பட்டு வழுக்கும், கட்டு தளரும். மருமகளை மடியில் வைத்துத் தரையில் நெடுநேரம் உட்காரும் தாய்மாமனுக்கு, கஞ்சி போட்ட எட்டு முழப் பருத்தி வேட்டியே என் தேர்வு. வெண்பட்டு மாலை வரவேற்புக்கு இருக்கட்டும்.