மெனுவில் 'பன்றி' என்ற சொல்லே இல்லை, ஆனால் எல்லாமே அதுதான்: சீன எழுத்து உணவுப் பட்டியலைப் படிப்பது எப்படி?

கிள்ளானில் ஒரு சீனக் கடை. சுவரில் இருக்கும் உணவுப் பட்டியல் முழுக்கச் சீன எழுத்து. கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் திரையில் வருவது இப்படி இருக்கும்: 'இறைச்சி எலும்புத் தேநீர்', 'ஐந்து பூ இறைச்சி', 'மாவுக் குடல்', 'எண்ணெய்க் காய்கறி'.

சிரிப்பு வரும். ஆனால் கவனிச்சுப் பாருங்க, சொல்லுக்குச் சொல் இதில் பெரிய பிழை எதுவும் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நான்கு வரியில் எங்கேயும் 'பன்றி' என்ற சொல் வரவில்லை. முதல் மூன்றுமே பன்றி இறைச்சிதான். நான்காவதிலும் பன்றிக் கொழுப்பு இருக்க வாய்ப்பு உண்டு.

பக்குத்தே கடையில் என்ன விற்கிறார்கள் என்று மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே எழுத்துகள் சாதாரண கோப்பிக்கடையில், கத்தரிக்காய்க்கும் தவ்ஃபூவுக்கும் பக்கத்தில் வரும்போதுதான் நாம் ஏமாந்துபோகிறோம். அதனால் பக்குத்தேயிலிருந்தே தொடங்குவோம்.

'இறைச்சி' என்றால் எந்த இறைச்சி?

பக்குத்தே என்பது ஹொக்கியன் உச்சரிப்பு. எழுதுவது 肉骨茶. முதல் எழுத்து இறைச்சி, இரண்டாவது எலும்பு, மூன்றாவது தேநீர். ரசத்தில் தேயிலை கிடையாது. பூண்டும் நட்சத்திரப் பூவும் பட்டையும் சீன மூலிகைகளும் போட்டு எலும்போடு கொதிக்க வைப்பதுதான் அது. பக்கத்தில் வைத்துக் குடிக்கும் சீனத் தேநீரால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கிள்ளானில் இன்னொரு கதையும் உண்டு: 'தே' என்பது அதை விற்றவரின் பெயரின் கடைசிப் பகுதியாம். 2024 பிப்ரவரியில் தேசிய மரபுணவாக அரசு அறிவித்தபோது எழுந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த வாக்குவாதமே முதல் எழுத்தைப் பற்றியதுதான்.

肉 என்ற எழுத்துக்கு அகராதியில் 'இறைச்சி' என்று மட்டுமே இருக்கும். சமையலறையில் அது தனியாக வந்தால் பன்றி இறைச்சி என்று பொருள். தென்சீனச் சமையலில் அன்றாட இறைச்சி அதுதான் என்பதால் பெயர் சொல்லத் தேவைப்படவில்லை. மற்றவற்றுக்குத்தான் அடைமொழி வேண்டும்: மாடு என்றால் 牛肉, ஆடு என்றால் 羊肉.

இது நமக்குப் புதிதா என்ன? தமிழ்நாட்டு வீடுகளில் 'ஞாயித்துக்கிழமை கறி எடுத்தாச்சா?' என்று கேட்டால் அது ஆட்டுக்கறி. கோழி என்றால் 'கோழிக்கறி' என்று தனியாகச் சொல்வார்கள். 'கறி' என்பதை ஒரு வெளிநாட்டுக்காரர் 'இறைச்சி' என்று மொழிபெயர்த்தால் தப்பில்லை, ஆனால் விஷயம் போய்ச் சேராது. 肉 எழுத்துக்கும் அதே கதைதான்.

இப்போது சாதாரண கோப்பிக்கடைப் பட்டியலுக்கு வாங்க. 肉碎茄子 என்று ஒரு வரி. திரையில் 'கொத்திறைச்சிக் கத்தரிக்காய்' என்று வரும். எந்தக் கொத்திறைச்சி என்று எழுதவில்லை என்றால், பன்றி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 肉丝 என்றால் நீளமாக நறுக்கிய பன்றி இறைச்சி, 肉丸 என்றால் பன்றி இறைச்சி உருண்டை. 'பன்றி' என்ற 猪 எழுத்தைத் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. கால், வயிறு என்று உறுப்பைக் குறிப்பிடும்போது 猪脚, 猪肚 என்று அந்த எழுத்து வெளியே தெரியும்.

மேலே வந்த 'ஐந்து பூ இறைச்சி' 五花肉. கொழுப்பும் சதையும் மாறி மாறி அடுக்கடுக்காக இருக்கும் பன்றி வயிற்றுப் பகுதி அது. 'மாவுக் குடல்' 粉肠, பன்றியின் சிறுகுடல். 'எண்ணெய்க் காய்கறி' 油菜. அகராதியில் இதற்குக் கடுகு இனச் செடி ஒன்றும் பொருளாக உண்டு. நம் ஊர்க் கடையில் அது வெந்நீரில் வாட்டிய கீரையின் மேல் எண்ணெயும் சிப்பிச் சாறும் ஊற்றித் தருவது. மேலே ஊற்றுவது வெங்காயம் பொரித்த சாதாரண எண்ணெயா, பன்றிக் கொழுப்பா என்பதைப் பட்டியல் சொல்லாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த ஒரு வரியில்தான் அதிகம் ஏமாறுவார்கள், பெயரில் காய்கறி மட்டும்தானே இருக்கிறது.

மாடு என்று எழுதியிருந்தால் மாடுதானா?

மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு 牛 எழுத்து முக்கியம். நல்ல செய்தி, மாட்டிறைச்சியைப் பெரும்பாலும் பெயர் சொல்லியே எழுதுவார்கள். ஆனால் 牛 இருக்கும் இடமெல்லாம் இறைச்சியும் இல்லை. 牛奶 என்றால் பால். 蜗牛 என்றால் நத்தை.

உண்மையில் குழப்புவது 牛油. எழுத்துக்கு எழுத்து 'மாட்டு எண்ணெய்'. மலேசியச் சீனக் கடைகளில் இது வெண்ணெய். 牛油虾 என்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கினால், நீங்கள் விட்டுவிடுவது பட்டர் இறால். கோப்பிக்கடையில் ரொட்டிக்குத் தடவும் பட்டரும் இதே பெயரில்தான் இருக்கும்.

ஆனால் கடந்த சில வருஷமாகக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க மாலா ஹாட்பாட் கடைகள் முளைத்திருக்கின்றன. அது சீனாவின் சிச்சுவான் பாணிச் சமையல், சொல்வழக்கும் அங்கிருந்தே வருகிறது. அங்கே 牛油 என்றால் உருக்கிய மாட்டுக் கொழுப்பு. 牛油锅 என்று எழுதிய சட்டியில் கொதிக்கும் சிவப்பு எண்ணெய் அதுதான். அதில் நீங்கள் காளானும் கீரையும் மட்டும் போட்டாலும் அவை வேகுவது மாட்டுக் கொழுப்பில். மொழிபெயர்ப்பில் சில சமயம் 'வெண்ணெய்ச் சட்டி' என்றும் வந்துவிடும், அதுதான் ஆபத்து. இரண்டும் ஒரே எழுத்துகள், சமையலறைதான் வேறு. எந்த ஊர்ச் சமையல் என்று முதலில் கடையின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், பிறகு பட்டியலுக்கு வாருங்கள்.

கேமரா தப்பாகப் படிக்கும் இடங்கள்

மேலே சொன்னவை எழுத்தைச் சரியாகப் படித்த பிறகு வரும் சிக்கல்கள். படிப்பதிலேயே தவறும் நடக்கும். 牛 எழுத்தையும் 午 எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் நடுக்கோடு தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டாவதில் நீட்டாது. 午 என்றால் நண்பகல். 午餐肉 என்றால் டின்னில் வரும் லஞ்சன் மீட், பெரும்பாலும் பன்றி இறைச்சி. தூரிகையால் எழுதிய பலகையிலோ, எண்ணெய்க் கறை படிந்த அட்டையிலோ அந்தச் சின்னக் கோடு மறைந்தால் பன்றி மாடாகிவிடும், மாடு நண்பகலாகிவிடும்.

இன்னொன்று 干. 'உலர்ந்த' என்பதற்கும் 'செய்' என்பதற்கும் பழைய எழுத்தில் தனித்தனி வடிவம் உண்டு. எழுத்துகளை எளிமையாக்கியபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. 'செய்' என்ற அந்தச் சொல்லுக்குக் கொச்சையான பொருளும் உண்டு. சீனாவில் உலர்ந்த உணவுப் பொருள்களின் பலகைகளில் ஆங்கிலக் கெட்ட வார்த்தை வந்து உலகம் முழுக்கச் சிரித்ததற்குக் காரணம் இதுதான். கிள்ளானில் 干肉骨茶 என்பது ரசம் வற்ற, உலர் மிளகாயும் கெட்டி சோயா சாஸும் போட்டுச் சட்டியில் வரும் பக்குத்தே. அவ்வளவுதான்.

மூன்றாவது, ஒலிக்காக மட்டும் எழுதிய பெயர்கள். கிள்ளானைச் சீனத்தில் 巴生 என்று எழுதுவார்கள். இரண்டாவது எழுத்தைத் தனியாக எடுத்தால் 'பிறப்பு' என்று வரும், அதற்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை. அதேபோல 亚参 என்பது 'ஆசாம்', நம் புளிதான். தனித்தனியாகப் பெயர்த்தால் 'ஆசியா', 'கலந்துகொள்' என்று ஏதோ வரும். பொருளே இல்லாத மொழிபெயர்ப்பு வந்தால், அது ஒரு மலாய்ச் சொல்லாக இருக்குமோ என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அப்போ எப்படிப் படிக்கலாம்?

பட்டியல் முழுவதையும் ஒரே படமாக எடுக்காதீர்கள். நேராக நின்று, ஒரு வரியை மட்டும் வெட்டி எடுங்கள். படத்தின் மேல் ஒட்டி வரும் மொழிபெயர்ப்பை நம்பி நிறுத்திவிடாமல், மூல எழுத்துகளை நகலெடுத்துத் தனியாகப் பாருங்கள். அந்த வரியில் 肉 இருக்கிறதா, அதற்கு முன் எந்த விலங்கின் எழுத்து நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பழைய கடைகளின் பெயர்ப்பலகை வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருக்கலாம். பொருள் வராவிட்டால் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

முழுச் சைவம் தேடுகிறவர்கள் 素 அல்லது 斋 எழுத்தைத் தேட வேண்டும். 素肉骨茶 என்று எழுதியிருந்தால், காளானும் சோயாவும் போட்ட சைவப் பக்குத்தே. அங்கே 肉 இருந்தாலும் பயப்பட வேண்டாம், முன்னால் நிற்கும் எழுத்து அதை மாற்றிவிட்டது. சில 素 கடைகளில் முட்டையும் பாலும் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 鸡骨茶 என்றால் கோழி. ஆனால் பன்றிப் பக்குத்தேயும் விற்கும் கடையில் அதே சட்டி, அதே கரண்டி புழங்கலாம்.

சட்டியையும் எண்ணெயையும் பற்றி எந்தப் படத்திலும் எழுதியிருக்காது. அதற்கு மலாய்தான் கைகொடுக்கும்: "மாசாக் பாக்காய் மிஞாக் அப்பா?" என்ன எண்ணெயில் சமைக்கிறீர்கள் என்று கேட்டால், கடைக்காரர் பதில் சொல்வார். 'அடா பாபி?' என்று மட்டும் கேட்டால் 'தடாக்' என்று வரும். அவர் பொய் சொல்லவில்லை, இறைச்சியைத்தான் கேட்டீர்கள் என்று நினைத்திருப்பார். கொழுப்பைத் தனியாகக் கேளுங்கள்.