கொல்லிமலையில் ஒரு கேள்வி, ஜூரிச்சில் ஒரு பதில்

போன வருஷம் செம்மேடு பக்கத்தில் ஒரு நண்பரின் வீட்டில் தங்கியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணி ஆனால் மின்விசிறி சுற்றவே யோசிக்கும். அவருடைய மல்டிமீட்டரில் பார்த்தால் 140 வோல்ட். அவர் கேட்டார்: "ஏன் சார், டையோடும் கெப்பாசிட்டரும் போட்டா வோல்டேஜ் ரெண்டு மடங்காகுமாமே, இதை அப்படி ஏத்த முடியாதா?"

பி.இ. படித்தவனுக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். மடங்காகும் என்பது தெரியும், ஏன் உதவாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன்.

இந்தச் சுற்று பிறந்ததும் இப்படி ஒரு வோல்டேஜ் பற்றாக்குறையில்தான். சுவிஸ் இயற்பியலாளர் ஹைன்ரிஷ் கிரைனாகர் 1914இல் தனது அயனிமானி என்ற கருவிக்கு 200 முதல் 300 வோல்ட் தேடினார். ஜூரிச் நகர மின்சாரமோ 110 வோல்ட் ஏ.சி. இரண்டு டையோடு, இரண்டு கெப்பாசிட்டர் கொண்டு அதை இரட்டிப்பாக்கினார். அலையின் ஒரு பாதியில் முதல் கெப்பாசிட்டர் உச்ச வோல்டேஜுக்கு நிரம்பும். மறுபாதியில் அந்த நிரம்பிய வோல்டேஜும் வரும் வோல்டேஜும் சேர்ந்து இரண்டாவது கெப்பாசிட்டரை நிரப்பும். 1920இல் அதையே அடுக்கடுக்காக நீட்டினார்.

1932 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் இதே வகை அடுக்கைக் கொண்டு பல லட்சம் வோல்ட் உண்டாக்கி, புரோட்டான்களை முடுக்கி, லித்தியம் அணுக்கருவை உடைத்தார்கள். 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கருவியில் புரோட்டான் கற்றை இழுத்த மின்னோட்டம் மைக்ரோஆம்ப் அளவுதான். வோல்ட் நிறைய, ஆம்பியர் கொஞ்சம். நம் வீட்டுக் கொசு பேட்டிலும் கதை அதேதான்.

ஆம்பியர் கேட்டால் என்ன ஆகும்? ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டில், கீழிருந்து மேலே கைமாற்றிக் குடம் அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் மேல் முனையில் ஒரு குடம் மின்னூட்டம் செலவானால், மேலடுக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் வீதம் அடிக் கெப்பாசிட்டர்தான் அனுப்ப வேண்டும். அடுக்கு n என்றால் n குடம். அதனால் அது அதிகம் காலியாகும், அதன் வோல்டேஜ் அதிகம் இறங்கும். அந்த இறக்கம் மேலே இருக்கும் எல்லா அடுக்கிலும் போய்ச் சேரும். கூட்டினால் இப்படி வருகிறது:

```
ΔV = (I / fC) × (2n³/3 + n²/2 − n/6)
```

ஒரு அடுக்குக்கு அடைப்புக்குள் வருவது 1. நான்கு அடுக்குக்கு 50! வோல்டேஜ் நாலு மடங்கு, இறக்கம் ஐம்பது மடங்கு.

செய்து பார்த்தேன். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 50 ஹெர்ட்ஸ், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள், நான்கு அடுக்கு. 12 வோல்ட்டின் உச்சம் 17. எட்டு மடங்கு என்றால் 136, டையோடு இழப்பு போக சுமார் 130. மீட்டரும் கிட்டத்தட்ட அதையே காட்டியது, எனக்கும் சந்தோஷம். பிறகு 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை வைத்தேன். பாதியாக இறங்கிவிட்டது. காரணம், மேலே உள்ள சூத்திரத்தின்படி 50/(fC) என்பது சரியாக 1000 ஓம். அதாவது இந்தச் சப்ளைக்கு உள்ளேயே ஒரு 1 கிலோ ஓம் உட்கார்ந்திருக்கிறது. மீட்டர் கிட்டத்தட்ட எதையும் இழுக்காததால் அது கண்ணில் படவில்லை. மல்டிப்ளையரைச் சுமை இல்லாமல் அளந்து நம்பாதீர்கள். (அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருக்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டுத் தொடுங்கள்.)

இறக்கத்தைக் குறைக்க வழி உண்டு. C-யைக் கூட்டலாம், அல்லது f-ஐ. 50 ஹெர்ட்ஸுக்குப் பதில் 50 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் அதே கெப்பாசிட்டரில் இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு. இன்றைய உயர் வோல்டேஜ் சப்ளைகள் முதலில் அதிர்வெண்ணை ஏற்றிவிட்டு அப்புறம் அடுக்குவது இதனால்தான்.

ஆனால் செம்மேட்டு வீட்டுக்கு அதுவும் உதவாது. முதல் விஷயம், வெளிவருவது டி.சி.; அந்த மின்விசிறி ஓடாது. இரண்டாவது, சுற்று சக்தியை உண்டாக்குவதில்லை. வெளியே வோல்டேஜ் இரட்டிப்பானால் உள்ளே குறைந்தது இரண்டு மடங்கு ஆம்பியர் இழுக்கும். மலையேறி வரும் நீளமான கம்பியில் ஆம்பியர் கூடினால் வழியிலேயே இழப்பும் கூடும், 140 என்பது இன்னும் கீழே போகும். அடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

போனில் இதைச் சொன்னேன். நண்பர் சிரித்தார்: "அப்ப கம்பியில வர்ற வழியிலதான் கோளாறு, வீட்டுக்குள்ள இல்லன்னு சொல்லுங்க." அதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை பத்தி ஆனது.